மூன்றாவது தேதி

வீட்டுக் கடன் ஒருவழியாக அடைந்தது. வங்கியிலிருந்து மூலப் பத்திரத்தை வாங்கி வந்த அன்று, கடன் கேட்டு அலைந்த காலத்துக் காகிதங்களையும் பார்த்துவிட்டு வேண்டாததைக் கிழித்துப் போடலாம் என்று பழைய கோப்பைப் பிரித்தேன். வில்லங்கச் சான்று, படிவம் 16, சம்பளச் சீட்டுகள். சம்பளச் சீட்டுகளுக்கு நடுவே நான்காக மடித்த ஒரு தாள். ஓரத்தில் ஆயில் கறை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது எழுதிய அப்ரைசல் படிவத்தின் நகல். என் நீல மைக்குப் பக்கத்தில் பென்சிலில் இன்னொருவர் கையெழுத்து: 'நெளிவு யாரால்? கடிதம் எங்கே?'

பென்சிலில் எழுதியவர் எங்கள் மேலாளர். நாங்கள் அவரை 'சார்' என்பதற்குமேல் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அந்த இரண்டு கேள்விகளை அவர் எழுதியதற்கு முன்னால், எனக்கும் அவருக்கும் நடக்க வேண்டிய அப்ரைசல் பேச்சு இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது.

அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். அவர் காலத்தில் இப்படி எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற வழக்கமே கிடையாது. ஆண்டு முடிந்தால் மேலதிகாரி 'சி.ஆர்.' எழுதுவார். கான்ஃபிடென்ஷியல் ரிப்போர்ட். மோசமாக எழுதினால்தான் சம்பந்தப்பட்டவருக்குத் தாக்கீது வரும். 'நன்று', 'மிக நன்று' எல்லாம் உறைக்குள்ளேயே கிடக்கும். "சி.ஆர். எழுதுற மாசம்" என்று அப்பா சொன்னால், அந்த மாதம் அதிகாரியின் அறைப்பக்கம் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடப்பார்கள் என்று அர்த்தம். 'நன்று' என்ற சொல்லே ஒருவரைக் கவிழ்க்கும் என்பது 2008இல் தேவ் தத் என்ற பொறியாளரின் வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பதவி உயர்வுக்கு 'மிக நன்று' தேவை. ஓர் ஆண்டில் அவருக்கு 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். அது அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. நல்லதோ கெட்டதோ, எழுதியதை எல்லாம் ஊழியருக்குச் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பு. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அப்பா, "நமக்கெல்லாம் என்ன எழுதினாங்களோ" என்று மட்டும் சொன்னார். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது அப்போது.

ஆகவே, தனியார் தொழிற்சாலையில் எனக்கு ஒரு படிவம் கொடுத்து, நானே என் வேலையைப் பற்றி எழுதலாம், மேலாளர் அதை என் எதிரில் படிப்பார், நான் மறுத்துப் பேசலாம் என்று சொன்னபோது அப்பாவுக்கு அது அதிசயமாக இருந்தது. "எதிர்லயே படிப்பாரா?" என்று மறுபடி கேட்டார்.

நாங்கள் செய்தது அலுமினிய ஹவுசிங். வார்ப்பில் வந்ததை எந்திரத்தில் கடைந்து, துளையிட்டு, மரை போட்டு, ஒரகடம் பக்கமிருந்த வாகனத் தொழிற்சாலைக்கு அனுப்புவோம். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் குறைபாட்டுப் பாகங்களைக் கணக்கெடுத்து, காரணம் கண்டுபிடித்து, அது மறுபடி வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அதை அளக்க ஓர் எண் உண்டு, பி.பி.எம். பத்து லட்சம் பாகம் அனுப்பினால் எத்தனை திரும்பும் என்ற கணக்கு. அந்த ஆண்டு நாங்கள் அனுப்பியது 1,80,000. திரும்பி வந்தது 36. கணக்குப் போட்டால் 200 பி.பி.எம். எனக்குக் கொடுத்திருந்த இலக்கு 150.

ஆனால் அந்த 36இல் 20 எங்கள் குறை இல்லை. அமரும் பரப்பில் சின்ன நெளிவு, நகக்கண் அளவுதான் இருக்கும். எங்கள் இடத்தில் அப்படி நெளிய வழியே இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு பாகமும் தனித்தனிப் பிளாஸ்டிக் தட்டில்தான் போகும். வாடிக்கையாளரின் கிடங்கில் போய் நின்று பார்த்தேன். அங்கே தட்டிலிருந்து எடுத்து இரும்புத் தள்ளுவண்டியில் கொட்டுகிற இடத்தில், வண்டியின் ஓர் ஓரப்பட்டை வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. நெளிவின் கோணமும் அந்தப் பட்டையின் கோணமும் ஒன்று. படம் எடுத்து, அளவு குறித்து, அவர்களுடைய தர அதிகாரியிடம் கொடுத்தேன். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் மெதுவாக. டெபிட் நோட்டை ரத்து செய்யும் கடிதம் ஏப்ரலில்தான் வந்தது. நிதியாண்டோ மார்ச் 31உடன் முடிந்து, கணினியில் 200 என்று உட்கார்ந்துவிட்டது. 20ஐக் கழித்தால் 16 பாகம். அதாவது கிட்டத்தட்ட 89 பி.பி.எம். இது எனக்குத் தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. மேலாளருக்கு அரைகுறையாகத் தெரியும். சொல்லி விளக்க வேண்டிய இடம்தான் அந்த அப்ரைசல் பேச்சு.

முதல் தேதி ஏப்ரல் கடைசியில். கோப்பெல்லாம் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போகக் கிளம்பும்போது கணினியில் ஒரு வரி வந்தது: கூட்டம் மாற்றப்பட்டுள்ளது. காரணம் இல்லை. பிறகு தெரிந்தது, வாடிக்கையாளரின் லைன் நின்றுவிட்டதாம், சார் காரை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார். லைன் நின்றால் ஓடத்தான் வேண்டும். எனக்கு வருத்தமே இல்லை.

இரண்டாம் தேதி அடுத்த வாரம். அன்று அவர் தொழிற்சாலையில்தான் இருந்தார். அரை மணி நேரம் முன்னால் கூப்பிட்டு, "ஏம்மா, தலைமை அலுவலகத்திலேர்ந்து ஆள் வந்துட்டாங்க, அப்புறம் பார்க்கலாம், சொல்றேன்" என்றார். இந்த 'சொல்றேன்' இருக்கிறதே, முதல் தடவை மாற்றியபோது ஒரு புதுத் தேதியாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

சாப்பாட்டு அறையில் எங்கள் மூத்த இன்ஸ்பெக்டர் அண்ணன் சாம்பாரைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ரெண்டு தடவ தள்ளுறாங்கன்னா, ரேட்டிங் போட்டாச்சுன்னு அர்த்தம்மா. மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல." விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. மே மாதம் இரண்டாம் வாரத்தில் 'நார்மலைசேஷன்' கூட்டம் நடக்கும். எல்லாப் பிரிவு மேலாளர்களும் உட்கார்ந்து, யாருக்கு எந்தத் தரம் என்று சரிக்கட்டுவார்கள்; மேல் தரத்துக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு. அதற்கு முன்னால் போர்ட்டலில் மதிப்பெண்ணை ஏற்றிப் பூட்டிவிட வேண்டும். பூட்டியபிறகு என்னோடு பேசினால் அது சடங்கு. கல்யாணம் முடிந்தபின் பெண் பார்க்க வருகிற மாதிரி.

இந்த விஷயத்தில் பெரும்பாலோர் தவறவிடுவது இதைத்தான் என்று இப்போதும் நினைக்கிறேன். தள்ளிப்போவது ஒரு வாரமா இரண்டு வாரமா என்பது ஊழியருக்குப் பெரிதில்லை. எந்த முடிவுக்கு முன்னால், எந்த முடிவுக்குப் பின்னால் என்பதுதான் கேள்வி.

அந்த நாட்களில் நான் மாறிப்போனேன். சண்டை போடவில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. காலையில் லைனில் ஏதாவது சந்தேகமாகத் தெரிந்தால், முன்பெல்லாம் நேரே போய், "சார், மரை கொஞ்சம் இறுக்கமா போகுது, பாத்துக்கலாமா" என்பேன். அதை நிறுத்தினேன். அளந்து, உறுதியான பிறகு மின்னஞ்சல். மனிதவள மேடத்துக்கு ஒரு நகல். ஒன்று கேட்டால் ஒன்றுக்கு மட்டும் பதில். வெளியே பார்த்தால் முன்னைவிட ஒழுங்கான ஊழியர். ஒரகடத்தில் வேறொரு கம்பெனியின் நேர்முகத் தேர்வுக்குப் போக அரைநாள் விடுப்பும் யோசித்து வைத்திருந்தேன்.

சார் அதைக் கவனித்திருக்கிறார். எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. "திடீர்னு எல்லாமே மெயில்ல வர ஆரம்பிச்சுது, அதுவும் காப்பி போட்டு. சரி, ஏதோ போச்சுன்னு புரிஞ்சுது" என்றார்.

ஒரு நாள் மதியம் நான் சர்ஃபேஸ் பிளேட்டின் முன்னால் நின்று ஹைட் கேஜை வைத்து உயரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து எதிர்ப்பக்கம் நின்றார். அளந்து முடிக்கும்வரை பேசவில்லை. கருங்கல் பலகைமேல் கையை ஊன்றக் கூடாது என்பது எங்கள் பிரிவில் அவர் போட்ட சட்டம்; கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ரெண்டு தடவ தள்ளிப் போட்டது நான். முதல் தடவ வேற வழி இல்ல. ரெண்டாவது தடவ இருந்துச்சு. அவங்கள அரை மணி நேரம் உக்கார வெச்சிருக்கலாம், செய்யல" என்றார்.

நான் "பரவாயில்ல சார்" என்றேன். வாய்தான் சொன்னது.

அவர் அதோடு போயிருந்தால் எதுவும் மாறியிருக்காது. அடுத்து அவர் சொன்னதெல்லாம் கணக்கு வழக்கு மாதிரி இருந்தது. என் மதிப்பெண்ணை இன்னும் போர்ட்டலில் ஏற்றவில்லை. மற்றவர்களுடையதை ஏற்றியாகிவிட்டது. மனிதவளப் பிரிவில் பேசி, என் ஒரு வரியை மட்டும் திங்கள் மதியம்வரை திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார். வேண்டுமானால் மேடத்திடம் நானே கேட்டுக்கொள்ளலாம். ஆகவே திங்களுக்குள் பேசியாக வேண்டும். வியாழன் காலை ஏழரை, ஷிஃப்ட் கூட்டத்துக்கு முன்னால். இல்லாவிட்டால் சனிக்கிழமை பதினொன்று. எது எனக்குச் சரி?

வியாழன் என்றேன்.

"என் அறை வேண்டாம். கண்ணாடிக் கதவு, எல்லாரும் தட்டுவாங்க. மாடி டிரெய்னிங் ரூம் சொல்லி வெச்சிருக்கேன். என் ஃபோன் உதவி மேலாளர்கிட்ட இருக்கும். லைன் நின்னாலும் அவர்தான் போவார். யாருக்காவது அடிபட்டாத்தான் நான் எழுந்திருப்பேன். அப்படி எழுந்தா அன்னிக்கே சாயங்காலம் அஞ்சு மணிக்கு மறுபடி உக்காருவோம்."

போகத் திரும்பியவர் நின்று இன்னொன்று கேட்டார்: "இது தள்ளிப் போனதுல உங்களுக்கு ஏதாவது நின்னு போயிருக்கா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையில் நின்றுதான் போயிருந்தது. வீட்டுக் கடனுக்குப் புதுச் சம்பளக் கடிதத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். அது வந்தால் கடன் தொகை கொஞ்சம் கூடும். சொன்னேன். கடிதம் எப்படியும் ஜூலையில்தான் எல்லோருக்கும் வரும், உயர்வு ஏப்ரல் 1 முதல் கணக்கிட்டு அரியராக வரும், இந்தத் தாமதத்தால் அதில் ஒரு நாள்கூடக் குறையாது என்று விளக்கினார். அதுவரை வங்கிக்குக் காட்ட, இப்போதைய சம்பளத்துக்கு ஒரு சான்றிதழ் மறுநாளே வாங்கிக் கொடுத்தார். அவர் வெறுமனே ஒரு 'சாரி' சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதைவிட இந்தச் சான்றிதழ் பெரிதாக இருந்தது.

பல வருஷம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார்கள். ஜெரால்ட் கிரீன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1990இல் வெளியிட்டது. ஒரு நிறுவனம் தன் தொழிற்சாலைகள் இரண்டில் தற்காலிகமாக 15 சதவீதம் சம்பளத்தைக் குறைத்தது. ஒன்றில் ஏன், எதனால் என்று கணக்கைக் காட்டி, வருத்தத்தோடு விளக்கினார்கள். மற்றதில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போய்விட்டார்கள். சரியாக விளக்காத இடத்தில் பொருள்கள் களவு போவது ஏகத்துக்கும் கூடியது. விளக்கிய இடத்தில் அவ்வளவு கூடவில்லை. குறைத்த சம்பளம் இரண்டிலும் ஒன்றே. வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்குக் கருங்கல் பலகையும், கையைப் பின்னால் கட்டிய சாரும்தான் ஞாபகம் வந்தது.

வியாழன் காலை நான் போனபோது அவர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் என் படிவம் மட்டும். அதில்தான் அந்தப் பென்சில் கேள்விகள். மடிக்கணினி இல்லை, போன் இல்லை. கேன்டீன் பையன் இரண்டு டம்ளர் டீயை வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

நெளிவுக் கதையை முழுக்கக் கேட்டார். படங்களைப் பார்த்தார். டெபிட் நோட் ரத்துக் கடிதத்தில் தேதியையும் எண்ணையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். "நான் நார்மலைசேஷன்ல வாயால சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. 20 பாகம், இந்தக் கடிதம், இந்தத் தேதின்னாதான் கேப்பாங்க" என்றார். எங்கள் முறையில் ஒவ்வொரு பொறுப்புக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. பி.பி.எம்.முக்கு நூறில் 30 எடை. 200 என்றால் அந்த வரிக்கு 2. 89 என்றால் 4. அந்த இரண்டு மதிப்பெண் மொத்தத்தில் 0.6 ஆகும்.

நான் மனசுக்குள் கூட்டி வைத்திருந்தேன். எல்லாம் சேர்த்து 3.6 வரும். மூன்றரையைத் தாண்டினால் மேல் தரம்.

நடுவில் ஒரு சோதனை வந்தது. எட்டு மணி இருக்கும். செக்யூரிட்டி மேலே ஓடிவந்து கதவைத் தட்டினார். வாடிக்கையாளரிடமிருந்து அழைப்பாம். எனக்கு வயிறு ஒரு நொடி இறங்கியது. கோப்பை மூடக்கூடச் செய்தேன். சார் உட்கார்ந்தபடியே, "உதவி மேலாளர்கிட்ட சொல்லுங்க, அவர் பாப்பார்" என்றார். செக்யூரிட்டி, "அவர்தான் சார் உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டு வரச் சொல்லல, சொல்லச் சொன்னாரு" என்று குழம்பினார். "அப்ப சொல்லியாச்சு" என்றார் சார். கதவு மூடியது. கோப்பைத் திறந்தேன்.

அடுத்து அவர் உள் தணிக்கை வரிக்கு வந்தார். 20 எடை. தணிக்கையில் கண்டுபிடித்த குறைகளை 30 நாளில் மூட வேண்டும். எனக்கு நானே 4 போட்டிருந்தேன். அவர் தன் நோட்டைப் புரட்டி, 30 நாள் தாண்டியவற்றை ஒவ்வொன்றாக வாசித்தார். அளவுக் கருவிகளின் கேலிப்ரேஷன் சீட்டு ஒன்று, மறுவேலைக்கு வைத்த பாகங்களுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டாதது ஒன்று, இப்படி. "இதுல 3தான்மா" என்றார். மறுத்துப் பேசிப் பார்த்தேன். கேலிப்ரேஷன் வெளி ஆய்வகத்திலிருந்து தாமதம் என்றேன். அதை ஒத்துக்கொண்டு அந்த ஒன்றை அடித்தார். மற்றவை நின்றன. 3.

கூட்டிப் பார்த்தால் 3.4. மூன்றரை இல்லை.

அப்போது நான் கேட்டேன். கேட்கலாமா என்று யோசிக்காமல் வந்துவிட்டது: "சார், ரெண்டு தடவ காக்க வெச்சீங்களே?"

அவர் சிரிக்கவில்லை. "அதுக்கு நான் பட்ட கடன் என் நேரம். உங்க மதிப்பெண் அதுல சேராது. இப்ப 4 போட்டா, நாளைக்கு நீங்க நிஜமாவே 4 வாங்கும்போது அதையும் நம்ப மாட்டீங்க" என்றார். பிறகு படிவத்தைத் திருப்பி வைத்து, இன்னொரு கணக்கைக் காட்டினார். பேச்சே நடக்காமல், கணினியில் இருந்த 200ஐ வைத்துப் போட்டிருந்தால் எனக்கு 2.8. மூன்றுக்குக் கீழே, அந்த ஆண்டு ஊக்கத்தொகை பாதிதான் வந்திருக்கும். "உங்களுக்கு நான் தர வேண்டியிருந்தது இந்த 0.6. இது உங்களோடது. அதைத்தான் தள்ளிப் போட்டுட்டிருந்தேன்."

பக்கத்துப் பிரிவில் அதே ஆண்டு நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே ஒரு பையனுடைய பேச்சும் தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் நார்மலைசேஷன் முடிந்தபிறகு அவனுடைய மேலாளர் காரில் போகும்போதே போனில் பத்து நிமிஷம் பேசி முடித்தார். காக்க வைத்த குறைக்கு ஒரு படி தூக்கியும் போட்டிருந்தார். மேல் தரம். எங்கள் எல்லோருக்கும் பொறாமை. அவன் தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுவிட்டான். "எதுக்குக் குடுத்தாருன்னே தெரியலக்கா. அடுத்த வருஷம் எதுக்குக் குறைப்பாருன்னும் தெரியாது" என்று என்னிடம் சொன்னான். எனக்கு அப்பாவின் சி.ஆர். உறை ஞாபகம் வந்தது. நல்லது எழுதியிருந்தாலும் மூடியிருக்கிற உறை மூடியதுதானே.

பேச்சு முடிந்த அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் வந்தது. சுருக்கம்: பி.பி.எம். வரி 200இலிருந்து 89ஆகத் திருத்தப்படும், ஆதாரம் இணைப்பில், தணிக்கை வரி 3, காரணம் இவை, மொத்தம் 3.4, நார்மலைசேஷனில் இது மாறினால் அன்றே நேரில் சொல்கிறேன். கடைசி வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. தன் கையில் இல்லாததை அவர் வாக்குக் கொடுக்கவில்லை. மேலாளர்கள் பலர் தடுக்கி விழுகிற இடம் அது. இரண்டு தடவை ஏமாற்றிய குற்ற உணர்ச்சியில், "உனக்கு நான் இருக்கேன், பாத்துக்கறேன்" என்று சொல்லிவிடுவார்கள். மேலே கூட்டத்தில் வெட்டுவார்கள். அப்புறம் மூன்றாவது பொய் ஆகிவிடும் அது.

கூட்டம் முடிந்த அன்று மாலை அவர் லைனுக்கு வந்து, "3.4 அப்படியே நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜூலையில் கடிதம் வந்தது. அரியரும் வந்தது.

ஆனால் இதனாலெல்லாம் என் நம்பிக்கை உடனே திரும்பி வந்துவிட்டது என்று சொன்னால் அது கதை. வியாழக்கிழமைப் பேச்சு நன்றாக இருந்தது, உண்மை. இருந்தாலும் மின்னஞ்சலுக்கு நகல் போடுவதை நான் நிறுத்தவில்லை. ஒரு நல்ல காலை வேளையை யாரும் ஏற்பாடு செய்துவிடலாம்.

அவர் அதையும் எதிர்பார்த்தவர்போல் ஒரு வேலை செய்தார். தணிக்கை வரியில் 3 வாங்கியதற்கு மருந்தாக, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, கால் மணி நேரம் திறந்திருக்கும் குறைகளை மட்டும் பார்ப்போம் என்றார். கால் மணி என்றால் கால் மணிதான். ஒரு தாள், அதில் குறைகளின் பட்டியல், எத்தனை நாள் ஆயிற்று, யாரிடம் நிற்கிறது. மூன்று மணிக்கு அவர் வந்துவிடுவார். முதல் வெள்ளி வந்தார். அடுத்ததும் வந்தார். வெளித் தணிக்கையாளர்கள் தொழிற்சாலைக்குள் சுற்றிக்கொண்டிருந்த வாரத்தில்கூட, "பத்து நிமிஷம்தான் இருக்கு, எதை முதல்ல பாக்கணும்னு நீங்க சொல்லுங்க" என்று வந்து நின்றார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் 30 நாள் தாண்டிய குறை ஒன்றும் என் பட்டியலில் இல்லை. மரை இறுக்கமாகப் போகிறது என்று நேரில் போய்ச் சொல்வதும் எப்போது திரும்பியதென்று தெரியாமல் திரும்பியிருந்தது.

இப்போது காலம் வேறாகிவிட்டது. 2012இல் அடோபி நிறுவனம் ஆண்டு அப்ரைசலையே எடுத்துவிட்டு, வருஷம் முழுக்க அவ்வப்போது பேசிக்கொள்ளும் முறைக்குப் போனது. வேறு சில பெரிய நிறுவனங்களும் தொடர்ந்தன. என் இன்றைய அலுவலகத்திலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேச்சு. எல்லாம் காணொலியில். தள்ளிப் போடுவது விரல் நுனி வேலை. பொத்தானை இழுத்து வேறு கட்டத்தில் விட்டால் போதும், எதிராளிக்குத் தானாகச் செய்தி போய்விடும். என்னோடு வேலை பார்க்கிற ஒரு பெண், "என் மேனேஜர் நாலு தடவ இழுத்து விட்டுட்டாருக்கா" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அவளுடைய மின்னஞ்சல்களில் நகல் வரிசை நீண்டுகொண்டே போவதை நான் பார்க்கிறேன். மதிப்பெண் பூட்டும் தேதி எது என்று அவளிடம் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. அதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள், அந்தத் தேதியைக் குறிப்பிட்டு, அதற்கு முன்னால் இரண்டு நேரம் நீயே எழுதி அனுப்பு என்றேன். அனுப்பினாளா என்று கேட்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமைகளில் ஒன்றில் சாரால் வர முடியவில்லை. முந்தின நாள் சாயங்காலமே லைனுக்குப் போன் வந்தது. "நாளைக்கு மூணு மணி முடியாதும்மா, பூனே போறேன். திங்கள் காலைல ஒம்பதரை?"

"சரி சார். அந்த நீளத் துளை விஷயம் மட்டும் திங்கள்வரை தாங்காது, உதவி மேலாளர்கிட்ட பேசிடறேன்" என்றேன். போனை வைத்துவிட்டு, தாளில் வெள்ளியை அடித்துத் திங்கள் என்று எழுதினேன். மேடத்துக்கு மின்னஞ்சல் எதுவும் அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று தோன்றவும் இல்லை.